பஹ்ரைன் கடலில் வரும் வளிமுகத்தை நாகையில் உட்கார்ந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

கீச்சாங்குப்பத்தான் | திங்கள், இரவு 8.50

என் மச்சான் பஹ்ரைனில் ஒரு பைபர் படகில் வேலை பார்க்கிறார். படகில் மூன்று பேர். புதன் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, வடக்கே இருபத்தைந்து மைல் போய் மீன் கூண்டுகளைத் தூக்கிவிட்டு, அங்கேயே நங்கூரம் போட்டுத் தங்கி, வியாழன் மதியம் கரைக்கு வருவதாகத் திட்டம்.

அவர்கள் வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு வரைபடம் போட்டிருக்கிறார்கள். ஈராக் மேல் ஒரு நீலக்கோடு, அதில் முக்கோணம் முக்கோணமாக. "ஃபிரண்ட் வருது, ஷமால் அடிக்கும்" என்று கீழே எழுதியிருக்கிறது. நான் போனில் வழக்கமாகப் பார்க்கும் காற்றுச் செயலியைத் திறந்தால் அப்படிக் கோடு எதுவுமே இல்லை. பஹ்ரைனுக்கு நேராகப் புதன் காலையில் தென்கிழக்குக் காற்று 14 நாட் காட்டுகிறது. அது ஒன்றும் பெரிய காற்று இல்லையே.

நமக்குத் தாழ்வு மண்டலம் தெரியும், புயல் கூண்டு தெரியும். இந்த ஃபிரண்ட், அதாவது வளிமுகம், எனக்குப் புதுசு. இது எப்போது பஹ்ரைனுக்கு வரும் என்று நாமே பார்த்துச் சொல்ல முடியுமா? மச்சானுக்கு இங்கிலீஷ் அறிக்கை புரியாது. நான்தான் பார்த்துச் சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டி சம்பா | திங்கள், இரவு 9.05

தம்பி, புதன் வியாழன் மழை இருக்கா? சம்பா அறுத்துக் களத்தில் கிடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூட என்று திருப்பி விட்டார்கள். ரெண்டு நாள் வெயில் கிடைத்தால் போதும்.

கீச்சாங்குப்பத்தான் | திங்கள், இரவு 9.08

அண்ணே, நான் கேட்பது பஹ்ரைன் கடல். நம்ம ஊர் மழை இல்லை.

வேதை உப்பளம் | திங்கள், இரவு 9.20

எளிதாகப் பார்க்கலாம். என் போனிலேயே பாரமானி இருக்கிறது. அழுத்தம் இறங்கினால் ஆபத்து, ஏறத் தொடங்கினால் ஆபத்து போய்விட்டது. மச்சானிடம் ஒரு பாரமானிச் செயலி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இறங்கிக்கொண்டே இருந்தால் போக வேண்டாம். இறங்கி நின்று மறுபடி ஏறினால் தாராளமாகப் போகலாம். இன்றைக்கு இங்கே காலை பத்து மணிக்கு 1015 இருந்தது, சாயங்காலம் நாலு மணிக்கு 1012. மூன்று இறங்கியிருக்கிறது. நமக்கும் ஏதோ வருகிறது என்றுதான் நினைக்கிறேன்.

காரைக்கால் விசைப்படகு | திங்கள், இரவு 9.41

வேதைத் தம்பி, ஏறினால் போகலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் குவைத்தில் ஆறு வருஷம் படகில் இருந்தவன். ஒரு மார்கழி இரவு, மாலையிலிருந்து தெற்குக் காற்று, புழுக்கம், மேகம், பத்து மணிக்கு ஒரு பாட்டம் மழை. மழை விட்டது. காற்றும் செத்துப் போனது. வானம் கழுவி விட்ட மாதிரி சுத்தமாகி நட்சத்திரம் தெரிந்தது. "ஆச்சு, போயிடுச்சு" என்று நாங்கள் வலையை இறக்கினோம். முக்கால் மணி நேரம் இருக்கும். வடமேற்கிலிருந்து வந்தது பாருங்கள், அது காற்று இல்லை, கதவைத் திறந்து விட்ட மாதிரி. வலையை வெட்டி விட்டுத்தான் கரைக்கு வந்தோம். வலைக்கான பணத்தை முதலாளி எங்கள் பங்கில் பிடித்துக்கொண்டார், அது தனிக் கதை.

நம்ம ஊரில் வானம் வெளுத்தால் நல்லது. அங்கே குளிர்காலத்தில் வானம் வெளுப்பதுதான் கெட்டது.

பழைய செகண்ட் மேட் | திங்கள், இரவு 10.30

காரைக்கால்காரர் சொன்னதுதான் இதில் முக்கியமான விஷயம். நான் தரங்கம்பாடி. கப்பலில் இருந்த காலத்தில் அந்த வளைகுடாவுக்குள் நிறையத் தடவை போய் வந்திருக்கிறேன். கீச்சாங்குப்பத் தம்பிக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

வடக்கே இருந்து கனமான குளிர்ந்த காற்று ஒரு ஆப்பு மாதிரி தரையோடு தரையாக நுழைகிறது. முன்னால் இருக்கும் வெதுவெதுப்பான காற்றை மேலே தள்ளுகிறது. இரண்டும் உரசும் விளிம்புதான் அந்த நீலக்கோடு. முக்கோணத்தின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் அது நகர்கிறது. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஒரு தாழ்வு சிரியா, ஈராக் வழியாகக் கிழக்கே போகும். அதன் வாலாகத் தென்மேற்கே தொங்கும் கோடு இது. வால் வளைகுடாவைக் கடக்கும்போது, அதற்கு முன்னால் தென்கிழக்குக் காற்று அடிக்கும். அந்த ஊர்க்காரர்கள் அதைக் கௌஸ் என்பார்கள். கோடு கடந்த பிறகு அடிப்பது வடமேற்குக் காற்று, அதுதான் ஷமால். நம் பாஷையில் சொன்னால், சோழகமும் கொண்டலும் கலந்து வீசிக்கொண்டிருக்கும்போதே ஒரு நொடியில் வாடையும் மேல்காற்றும் சேர்ந்து எதிரே வந்து நிற்பது.

தம்பி, நீங்கள் புதன் காலையில் பார்த்த தென்கிழக்கு 14 நாட் சாதாரணக் காற்று இல்லை. அதுதான் கௌஸ். அந்த எண்ணைப் பார்த்து விட்டுவிட்டீர்கள், திசையைப் பார்க்கவில்லை. ஜனவரியில் அங்கே வழக்கமாக வீசுவது வடமேற்கு. அது மாறித் தென்கிழக்கு வீசுகிறது என்றாலே வடக்கே ஏதோ நடக்கிறது.

செயலியில் கோடு இல்லாததற்குக் காரணம் எளிது. கோட்டை மனிதர்தான் வரைகிறார்கள். செயலி கணினிக் கணக்கை அப்படியே காட்டுகிறது, அதில் காற்றும் அழுத்தமும் வெப்பமும் இருக்கும், கோடு இருக்காது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அழுத்தக் கோடுகளைப் போட்டுவிட்டு ஈராக்கிலிருந்து தென்மேற்கே பாருங்கள். வழவழவென்று வளைந்து வரும் கோடு ஓரிடத்தில் மட்டும் முழங்கை மாதிரி ஒடிந்திருக்கும். அடுத்தடுத்த கோடுகளிலும் அதே ஒடிவு இருக்கும். அந்த முழங்கைகளை விரலால் இணைத்தால் வருவதுதான் உங்கள் வளிமுகம். சரிதானா என்று பார்க்கக் காற்றுப் படத்துக்கு மாற்றுங்கள். அதே வரிசையின் கிழக்கே அம்பு தெற்கிலிருந்து வர வேண்டும், மேற்கே வடமேற்கிலிருந்து வர வேண்டும். மூன்றாவதாக வெப்பநிலை. அங்கே ஒரு பக்கம் 21, மறுபக்கம் 14 என்று நிறம் மாறும். மூன்றும் ஒரே இடத்தில் பொருந்தினால் சந்தேகமே வேண்டாம்.

கீச்சாங்குப்பத்தான் | திங்கள், இரவு 11.15

அண்ணே, பார்த்துவிட்டேன். முழங்கை இருக்கிறது! செவ்வாய் 00Z படத்தில் ஜோர்டான்–ஈராக் எல்லையில் இருக்கிறது. செவ்வாய் 12Z படத்தில் நஜஃப் ஊருக்கு நேர் தெற்கே வந்துவிட்டது. மேலே ஈராக்கில் தாழ்வு 1007. ஆனால் நேரம் குழப்புகிறது. 00Z என்றால் ராத்திரி பன்னிரண்டா?

பழைய செகண்ட் மேட் | திங்கள், இரவு 11.40

பன்னிரண்டுதான், ஆனால் லண்டனில். 00Z என்பது பஹ்ரைனில் விடிகாலை 3 மணி, நமக்கு 5.30. 12Z என்பது அங்கே பிற்பகல் 3, நமக்கு மாலை 5.30. இதில் தப்புச் செய்தால் மூன்று மணி நேரமோ ஐந்தரை மணி நேரமோ தவறிப் போகும். பைபர் படகுக்கு அதுவே போதும். மச்சானிடம் சொல்லும்போது அவர் கடிகார நேரத்தில் மட்டும் சொல்லுங்கள். மூன்று நேரத்தையும் கலந்து சொன்னால் அவர் ஒன்றைத் தப்பாகப் பிடித்துக்கொள்வார்.

இப்போது வேகம் பார்ப்போம். படத்தில் ஒரு டிகிரி அட்சரேகை 111 கிலோமீட்டர். படத்தின் பக்கவாட்டில் இருக்கும் அந்த அளவை ஒரு காகித விளிம்பில் குறித்துக்கொண்டு, இரண்டு இடங்களுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். எனக்குச் சுமார் 475 கிலோமீட்டர் வருகிறது. பன்னிரண்டு மணி நேரத்தில் அவ்வளவு தூரம் என்றால் மணிக்கு 40 கிலோமீட்டர்.

நஜஃப் தெற்கிலிருந்து குவைத் நகரத்துக்கு இன்னும் 380. அதே வேகத்தில் ஒன்பதரை மணி நேரம். அதாவது செவ்வாய் பிற்பகல் 3 மணியிலிருந்து கணக்கிட்டால், அங்கத்து நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டரைக்குக் குவைத். குவைத்திலிருந்து பஹ்ரைன் 430 கிலோமீட்டர். பத்தே முக்கால் மணி நேரம். புதன் காலை 11 மணி வாக்கில் பஹ்ரைன். இந்தக் கணக்கு முன்னே பின்னே மூன்று மணி நேரம் தவறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சான் நாலு மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குக் கூண்டு இருக்கும் இடத்துக்குப் போய்விடுவார். போகும்போது கௌஸ் பின்னாலிருந்து தள்ளும், சுகமாக இருக்கும். பதினொரு மணிக்கு, கரையிலிருந்து இருபத்தைந்து மைலில், பாதிக் கூண்டு படகில், பாதி தண்ணீரில் இருக்கும்போது அது வரும்.

தஞ்சை புவியியல் டீச்சர் | செவ்வாய், காலை 6.55

ஐயா, நான் பள்ளியில் வளிமுகம் பாடம் நடத்துகிறேன், ஆனால் இப்படி அளந்து பார்த்ததில்லை. இரண்டு கேள்விகள். காற்றின் வேகத்தைப் படத்திலிருந்தே சொல்ல முடியுமா? வளிமுகம் போன பிறகு அழுத்தம் ஏறும் என்றால், ஏறும்போது ஏன் காற்று கூடுகிறது? மாணவர்கள் கேட்டால் "தாழ்வு என்றால் காற்று" என்றுதான் நானும் சொல்லிப் பழகியிருக்கிறேன்.

பழைய செகண்ட் மேட் | செவ்வாய், காலை 8.10

டீச்சர், காற்றுக்கு அழுத்தம் எவ்வளவு என்பது முக்கியமில்லை. பக்கத்து ஊருக்கும் நமக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்து அதன் வேகம் தெரியாது, மேல்மடைக்கும் கீழ்மடைக்கும் உள்ள சரிவைப் பார்க்க வேண்டும். அதே மாதிரி. வளிமுகம் போன பிறகு சவுதி மேல் குளிர்ந்த கனமான காற்று குவிந்து அழுத்தம் ஏறுகிறது. தாழ்வு கிழக்கே நகர்ந்து தெற்கு ஈரான், ஓமான் வளைகுடாப் பக்கம் நிற்கிறது. மேற்கே மேடு, கிழக்கே பள்ளம், நடுவில் வளைகுடா. ஈரான் கரையோரம் ஸாக்ரோஸ் மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்பதால் காற்று பக்கவாட்டில் கசியாமல் நீளவாக்கில் ஓடுகிறது. பாரமானி ஏறிக்கொண்டே இருக்கும், காற்றும் ஏறிக்கொண்டே இருக்கும்.

வேகம் பற்றி: அந்த அட்சரேகையில், 4 மில்லிபார் வித்தியாசம் 300 கிலோமீட்டருக்குள் அடங்கினால் கடல் மட்டத்தில் சுமார் 25 நாட் எதிர்பார்ப்பேன். 200 கிலோமீட்டருக்குள் நெருங்கினால் 35. ஆனால் முதலில் அந்தப் படத்தில் கோட்டுக்குக் கோடு 4 மில்லிபாரா 2 மில்லிபாரா என்று பார்க்க வேண்டும். படத்துக்குப் படம் மாறும். 2 மில்லிபார் படத்தை 4 என்று நினைத்துப் பயந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், 4 மில்லிபார் படத்தை 2 என்று நினைத்துக் கிளம்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கை நாகைக்குப் போடாதீர்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இது சரியாக வராது.

வேதை உப்பளம் | செவ்வாய், காலை 8.45

ஒத்துக்கொள்கிறேன். யோசித்தால் கஜா அன்றைக்கும் அப்படித்தான். 2018 நவம்பர் 16 விடிகாலை, கண் கடந்தபோது எங்கள் பக்கம் காற்று அடங்கியது. பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்ததில்தான் மிச்சமிருந்த மரமும் போனது. ஆனால் நேற்று என் போனில் மூன்று இறங்கியதே, அதுக்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய செகண்ட் மேட் | செவ்வாய், காலை 9.20

இன்றைக்கும் இறங்கும். நாளைக்கும் இறங்கும். நம்ம ஊர்ப் பக்கம் பாரமானி தினமும் காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் உச்சத்தில் நிற்கும், அதிகாலை நாலுக்கும் மாலை நாலுக்கும் அடியில் இருக்கும். மூச்சு மாதிரி. வானிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாலு மணி அளவை நேற்றைய நாலு மணியோடு ஒப்பிடுங்கள். கப்பலில் எங்களுக்கு ஒரு விதி உண்டு: வெப்பமண்டலக் கடலில், இந்தத் தினசரி ஏற்ற இறக்கத்தைக் கழித்த பிறகும் அந்தப் பருவத்தின் வழக்கமான அளவைவிட 3 மில்லிபார் குறைந்திருந்தால் சந்தேகப்படு, 5 குறைந்திருந்தால் பக்கத்தில் புயல் இருக்கிறது என்று எடுத்துக்கொள். பஹ்ரைனிலும் தினசரி மூச்சு உண்டு. மச்சான் மதியம் பாரமானி இறங்குகிறது என்றால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கீச்சாங்குப்பத்தான் | செவ்வாய், மதியம் 1.30

மச்சானிடம் பேசினேன். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "தென்கிழக்குக் காற்று 14 நாட், இதுக்கு என்ன பயம்" என்கிறாராம். அவரும் என்னை மாதிரியே அந்த ஒரு எண்ணைப் பார்த்திருக்கிறார். கூண்டு தண்ணீரில் கிடந்து ஐந்து நாள் ஆகிறது, மீன் செத்துப் போகும் என்கிறார். வேலைக்குப் போனவன் முடியாது என்று சொல்ல முடியாது. அங்கத்து கடல் அறிக்கையை மச்சான் படம் பிடித்து அனுப்பினார்:

```
SE 12-17 KT BECOMING NW 18-23 KT, 25-30 KT AT TIMES
SEA 2-4 FT RISING 6-9 FT OFFSHORE
```

9 அடி என்றால் நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகைக் கடல்தானே? அதில் போய்ப் பழகியவர்தான் அவர்.

காரைக்கால் விசைப்படகு | செவ்வாய், மதியம் 2.10

அந்த 9 அடியும் நம்ம 9 அடியும் ஒன்றில்லை. அங்கே ஆழம் இல்லை. அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் மேல் ஒன்றாக வரும். படகு ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது மூக்கில் மோதும். கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணையில் வாடை அடிக்கும்போது போயிருப்பார் இல்லையா, அதைவிட மோசம் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

பழைய செகண்ட் மேட் | செவ்வாய், மதியம் 2.45

சரியாகச் சொன்னார். அந்த வளைகுடாவின் சராசரி ஆழமே சுமார் 35 மீட்டர்தான். இன்னொன்று. அறிக்கையில் போடும் அலை உயரம் பெரிய அலைகளின் சராசரி, அதாவது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. இடையில் ஒன்றிரண்டு அதைப் போல் கிட்டத்தட்ட இரட்டிப்பாக வரும். 9 அடி என்று எழுதியிருந்தால் 15 அடியில் ஒன்று வந்தால் அறிக்கை பொய் என்று சொல்ல முடியாது.

அந்த முதல் வரியில் பார்க்க வேண்டிய சொல் BECOMING. 12, 17, 30 என்ற எண்களை எல்லோரும் பார்ப்பார்கள். SE காற்று NW ஆகிறது என்றால் அது மெல்லத் திரும்புவதில்லை, வளிமுகம் கடக்கிறது என்று அர்த்தம். எப்போது என்று அறிக்கை சொல்லவில்லை. இருபத்துநாலு மணி நேர அறிக்கையில் அது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதற்குத்தான் நாம் படத்தை அளந்தோம்.

முதலாளி மாறமாட்டார் என்றால் இன்றிரவு குவைத்தைப் பாருங்கள். படத்தை நம்புவதைவிட, நமக்கு முன்னால் அதே காற்று கடக்கும் ஊரை நம்புங்கள். விமான நிலையங்கள் வெளியிடும் அறிக்கையில் காற்று, வெப்பம், அழுத்தம் எல்லாம் இருக்கும். எப்படிப் படிப்பது என்று காட்ட, மாதிரிக்கு நானே எழுதிய இரண்டு வரி:

```
OBBI 050500Z 15014KT 6000 HZ BKN080 22/15 Q1011
OBBI 050800Z 32024G34KT 3000 BLDU FEW030 18/06 Q1013
```

OBBI என்பது பஹ்ரைன். 150 டிகிரியிலிருந்து 14 நாட் வீசிய காற்று மூன்று மணி நேரத்தில் 320 டிகிரிக்குப் போய் 24 ஆகிவிட்டது, இடையிடையே 34 வரை அடிக்கிறது. வெப்பம் 22லிருந்து 18. அதற்குப் பக்கத்தில் உள்ள எண் காற்றின் ஈரத்தைக் காட்டுகிறது, 15லிருந்து 6க்கு விழுந்தது. அந்த விழுகைதான் எனக்குப் பிடித்த அடையாளம். மேகமும் மழையும் இல்லாமல் வறண்ட வளிமுகமும் வரும், அப்போதும் இந்த எண் பொய் சொல்லாது. மேகம் சிதறிவிட்டது, அழுத்தம் 2 ஏறிவிட்டது. மேகத்தையும் அழுத்தத்தையும் மட்டும் பார்ப்பவருக்கு வானிலை தெளிந்த மாதிரி இருக்கும்.

திருத்துறைப்பூண்டி சம்பா | செவ்வாய், மாலை 4.00

எல்லாம் படித்தேன். இந்த ஃபிரண்ட் நம்ம பக்கம் வந்தால் மழை வருமா?

தஞ்சை புவியியல் டீச்சர் | செவ்வாய், மாலை 4.35

ஐயா, நம்ம பக்கம் வளிமுகம் வராது. இரண்டு பக்கமும் வெவ்வேறு வெப்பமுள்ள காற்று இருந்தால்தான் அது வளிமுகம். இந்தப் பருவத்தில் டெல்டாவுக்கு வரும் காற்று எல்லாமே வெதுவெதுப்பான வங்கக்கடல் மேல் ஓடி வருகிறது. தை மாதம் நமக்கு மழை தருவது கிழக்கிலிருந்து வரும் அலைகளும், தென்கடலில் உருவாகும் தாழ்வுகளும்தான்.

காரைக்கால் விசைப்படகு | செவ்வாய், மாலை 5.15

டீச்சர், அப்படியே வராது என்று சொல்லிவிட முடியுமா? எங்கள் அப்பா சொல்வார், வடக்கே டில்லிப் பக்கம் மழை பெய்து குளிர் விழுந்தால் மூணு நாலு நாளில் இங்கே வாடை பலக்கும் என்று. ரேடியோவில் டில்லிக் குளிர் கேட்டுவிட்டுத்தான் கட்டுமரத்தை இறக்குவதா வேண்டாமா என்று யோசிப்பார்.

பழைய செகண்ட் மேட் | செவ்வாய், மாலை 6.00

இரண்டு பேரும் சரி. வளிமுகம் இங்கே வருவதில்லை. ஆனால் வட இந்தியாவில் அந்தக் கலக்கம் கடந்த பிறகு அங்கே அழுத்தம் ஏறும், வங்கக்கடலில் வடகிழக்குக் காற்று பலக்கும். அப்பா பார்த்தது அதன் நிழல். மூன்று நாளா நாலு நாளா, ஒவ்வொரு முறையும் நடக்குமா என்பதில் என்னால் உறுதி சொல்ல முடியாது. சில தடவை நடப்பதைப் பார்த்திருக்கிறேன், சில தடவை எதிர்பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

கீச்சாங்குப்பத்தான் | புதன், அதிகாலை 2.20

தூங்கவில்லை. குவைத்தில் காற்று இரவு 11 மணிக்கே திரும்பிவிட்டது, அங்கத்து நேரம். தென்கிழக்கு 12 நாட் இருந்தது வடமேற்கு 26 ஆகிவிட்டது. நாம் பன்னிரண்டரை என்று கணக்குப் போட்டோம். ஒன்றரை மணி நேரம் முந்திவிட்டது. பஹ்ரைனுக்குப் பதினொன்று என்று சொன்னதை ஒன்பதரை என்று மாற்றிச் சொல்லிவிட்டேன். சரியா?

பழைய செகண்ட் மேட் | புதன், அதிகாலை 4.50

சரி. நான் ஒன்பதிலிருந்தே எதிர்பார்ப்பேன். தண்ணீருக்கு மேல் வந்த பிறகு அதே வேகத்தில் போகுமா, கூடுமா என்பது ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி. எட்டரைக்குள் படகு கரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

கீச்சாங்குப்பத்தான் | புதன், இரவு 7.30

எல்லோருக்கும் நன்றி. மச்சான் நலமாக இருக்கிறார். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலாளியிடம் "போகமாட்டேன்" என்று சொல்லவில்லை. கரையிலிருந்து நாலு மைலில் ஒரு வரிசைக் கூண்டு கிடக்கிறது, அதை இன்றைக்குத் தூக்கிவிடுகிறோம், தூரத்தில் இருப்பதைக் காற்று அடங்கிய பிறகு பார்க்கலாம் என்று பேசியிருக்கிறார்கள். முணுமுணுத்துக்கொண்டே சரி என்றாராம். எட்டு மணிக்குக் கரைக்கு வந்துவிட்டார்கள். ஒன்பது மணிக்குத் தூறல். ஒன்பதரைக்குக் கௌஸ் செத்துவிட்டது. ஜெட்டியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி. பத்து மணிக்கு வெயில். முதலாளி வந்து "எங்கே உன் ஷமால்" என்று கேட்டுவிட்டுப் போனாராம். மச்சான் எனக்குப் போன் போட்டு, "மாப்பிள்ளை, மானம் போச்சு" என்றார்.

பத்து இருபதுக்கு வந்தது. முதலில் வடமேற்கே அடிவானத்தில் தூசி மாதிரி ஒரு பழுப்புக் கோடு, பிறகு தண்ணீர் கறுத்தது, பிறகு காற்று. மதியம் 30 நாட். பாரமானி காலையில் 1010, இப்போது 1016. நம் கணக்கைவிட நாற்பது நிமிஷம் மட்டும் முந்தியது, திருத்தியதைவிட ஐம்பது நிமிஷம் பிந்தியது.

இன்னொரு படகு வெளியே போயிருந்தது. சாயங்காலம்தான் வந்தார்கள். ஆள் எல்லாம் பத்திரம். எஞ்சின் ஒன்று தண்ணீர் ஏறி நின்றுவிட்டதாம்.

இப்போது முதலாளி கேட்பது: எப்போது அடங்கும்?

காரைக்கால் விசைப்படகு | புதன், இரவு 8.05

மூணு நாள். எங்கள் கணக்கு எப்போதும் மூணு நாள்.

பழைய செகண்ட் மேட் | புதன், இரவு 8.40

எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இது இரண்டு வகை. ஒரு நாள், ஒன்றரை நாளில் அடங்குவது ஒன்று. மூன்றிலிருந்து ஐந்து நாள் வரை இழுப்பது ஒன்று. கீழே இருக்கும் படத்தை வைத்துப் பிரிக்க முடியாது. செயலியில் உயர வானத்தைக் காட்டும் 500 மில்லிபார் படத்தைப் போட்டு, மேலே உள்ள பள்ளம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது வேகமாகப் பாகிஸ்தான் பக்கம் ஓடிவிட்டால் நாளை இரவுக்குள் அடங்கும். ஹோர்முஸ் பக்கத்தில் தேங்கி நின்றால் காரைக்கால்காரர் ஜெயித்துவிடுவார். இப்போதைக்கு ஒரு கணினிக் கணக்கு ஓடுகிறது என்கிறது, இன்னொரு கணினிக் கணக்கு நிற்கிறது என்கிறது. நாளை காலை 00Z படம் வரட்டும்.

வேதை உப்பளம் | புதன், இரவு 9.00

இன்றைக்கு மாலை நாலு மணிக்கு 1012. நேற்று மாலை நாலு மணிக்கும் 1012. குறித்து வைக்கத் தொடங்கிவிட்டேன்.

திருத்துறைப்பூண்டி சம்பா | புதன், இரவு 9.15

அப்ப நாளைக்கு நெல்லைக் காயப்போடலாமா இல்லையா?

தஞ்சை புவியியல் டீச்சர் | புதன், இரவு 9.22

போடுங்கள் ஐயா. கிழக்கே இப்போதைக்கு எதுவும் தெரியவில்லை. ராத்திரிப் பனிக்கு மட்டும் தார்ப்பாய் மூடுங்கள்.